பதினொரு நாள் மட்டும் பழகிய அம்மப்பாவுக்கு அஞ்சலி உரை எழுதிய விதம்

அம்மப்பா செத்த அன்று இரவு கனடாவிலிருந்து மாமா எடுத்துச் சொன்னார், "பேரப்பிள்ளையள் சார்பில நீதான் கதைக்க வேணும், உனக்குத்தான் தமிழ் ஒழுங்கா வரும்." எனக்குத் தமிழ் வரும், சரி. அம்மப்பாவைத்தான் தெரியாது. அவர் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தவர், நான் பிறந்து வளர்ந்தது கொழும்பு வெள்ளவத்தையில். பாதை திறந்த பிறகு 2003இல் ஐந்து நாள், 2012இல் இரண்டு நாள், 2019இல் நான்கு நாள், ஆக மொத்தம் பதினொரு நாள்தான் அவரோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். இடையில் தொலைபேசியில் "சாப்பிட்டியோ", "படிக்கிறியோ", அவ்வளவுதான்.

யுத்தமும் மூடிய பாதைகளும் வெளிநாடும் சேர்ந்து எங்களில் பலருக்கு இப்படி ஒரு தாத்தாவை வைத்திருப்பதால், நான் செய்ததையும் பிழை விட்டதையும் அப்படியே எழுதி வைக்கிறேன். மாமா வந்து சேரும்வரை உடலை இரண்டு நாள் வைத்திருந்ததால் எனக்கு ஒன்றரை நாள் கிடைத்தது. அதற்கும் குறைவாகக் கிடைத்தால் இதில் பாதியையாவது செய்யலாம்.

எப்போது, எங்கே, எவ்வளவு நேரம்

பேனையை எடுக்க முதல் இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். செத்த வீட்டில் அன்றே பேசுவதும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து வீட்டில் பேசுவதும், கல்வெட்டில் அச்சிட எழுதிக் கொடுப்பதும் மூன்று வேறு வேலைகள். கல்வெட்டு என்றால் தெரியாதவர்களுக்கு: முப்பத்தோராம் நாள் வந்தவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகம், தேவாரங்கள், திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, பிள்ளைகள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று போகும். அதில் நிறைய எழுதலாம். செத்த வீட்டில் அப்படி முடியாது. ஐயர் கிரியையைத் தொடங்கிவிட்டால் பொற்சுண்ணம் இடிப்பது, பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிப்பது என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கும், அதற்குள் உங்கள் பேச்சுக்கு இடமில்லை. எங்கள் வீட்டில் கிரியைக்கு முன் பந்தலில் நான்கு பேர் பேசுவதென்று முடிவாகியது, எனக்குக் கிடைத்தது நான்கு நிமிடம். எழுதியதைச் சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் படித்துப் பார்த்தபோது நிமிடத்துக்கு எண்பது சொல்லுக்கு மேல் போகவில்லை. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, அழுகையும் இடையில் நேரம் எடுக்கும். அதனால் நான்கு நிமிடத்துக்கு முந்நூறு சொல் என்று வைத்துக்கொண்டேன். முந்நூறு சொல்லுக்குள் ஒரு கதை முழுதாகவும் இரண்டு கதை சுருக்கமாகவும் பிடிக்கும்.

உங்களிடம் உள்ளதை முதலில் எழுதுங்கள்

ஒரு கொப்பியில் உங்கள் சொந்தக் கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். மற்றவர்களிடம் கேட்கத் தொடங்க முதல் இதைச் செய்வது முக்கியம், ஏனென்றால் நாலு பேர் சொல்லக் கேட்ட பிறகு எது உங்கள் ஞாபகம், எது கேட்டது என்று உங்களுக்கே பிரித்துப் பார்க்க முடியாமல் போகும். எனக்கு வந்தது நான்கே நான்கு. அவருடைய கை கிறீஸ் மணக்கும், சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் போகாது. தேத்தண்ணியைச் சீனி போடாமல், பனங்கட்டியைக் கடித்துக் கடித்துக் குடிப்பார். 2003இல் என்னைக் கிணற்றடிக்குத் தனியே போக விடாமல் பின்னாலேயே வந்தார். 2019இல் என்னை அம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, பிழை என்று தெரிந்தும் திருத்தாமல் சிரித்தார்.

கொஞ்சமாக இருக்கிறதே என்று இதைப் பெருப்பிக்க வேண்டாம். "என்னைத் தோளிலே வைத்துக் கதை சொன்ன தாத்தா" என்று ஒருவர் பேசியதை நான் வேறொரு செத்த வீட்டில் கேட்டிருக்கிறேன். பேசியவர் பத்து வருடமாக ஊருக்கே வரவில்லை என்பது பந்தலில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கதிரைகளில் ஒரு அசைவு வந்தது.

யாரிடம், என்ன கேட்பது

முதல் நாள் நான் விட்ட பிழை, எல்லோரிடமும் "அம்மப்பா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டதுதான். ஆறு பேரிடம் கேட்டேன், ஆறு பேரும் "நல்ல மனுசன் பிள்ளை, ஒருத்தருக்கும் ஒரு கரைச்சலும் குடுக்காதவர்" என்றார்கள். செத்த வீட்டில் அந்தக் கேள்விக்கு வேறு பதில் வராது. அதை வைத்து எழுதினால் யாருடைய பிரேதத்துக்கு முன்னாலும் வாசிக்கக்கூடிய உரைதான் கிடைக்கும்.

இரவு சித்தி ஒரு வழி காட்டினார், தெரிந்து காட்டினாரோ தெரியாமலோ. அம்மப்பாவின் பழைய தகரப் பெட்டியை, அடையாள அட்டை தேடுவதற்காக, முன் விறாந்தையில் கொண்டுவந்து கொட்டினார். உள்ளே ஒரு ஸ்பானர், தேய்ந்த டைனமோ ஒன்று, சைக்கிள் பெல்லின் மூடி, கடன் எழுதிய கொப்பி. டைனமோவை நான் கையில் எடுத்ததும் பக்கத்து வீட்டு அங்கிள் தானாகத் தொடங்கினார்: கரண்டும் இல்லை, பற்றரியும் வரவிடாத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ போட்டுச் செய்தி கேட்டது, கடை வாசலில் இருபது முப்பது பேர் நின்றது, அம்மப்பா சுற்றுகிறவரை மாற்றி மாற்றி விட்டது. அன்றிலிருந்து நான் ஆளைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டுப் பொருளைக் காட்டிக் கேட்டேன். பொருள் கையில் இல்லையென்றால் சின்னக் கேள்வி: கோபம் வந்தால் என்ன சொல்லி ஏசுவார்? கடையை எத்தனை மணிக்குத் திறப்பார்? சாப்பாட்டில் எதை ஒதுக்கி வைப்பார்? கடைசியாக உங்களோடு என்ன கதைத்தார்?

யாரிடம் போவது என்பதிலும் ஒரு வரிசை இருக்கிறது. பிள்ளைகள் அழுதுகொண்டும் ஐயருக்கும் பந்தல்காரருக்கும் ஓடிக்கொண்டும் இருப்பார்கள், அவர்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். செத்த வீட்டில் அடுப்பு மூட்டாததால் அயலவர் சாப்பாடு கொண்டு வருவார்கள் இல்லையா, அந்தப் பெண்கள் பின் வளவில் நின்று நிறையக் கதைப்பார்கள், அங்கேதான் எனக்கு நல்ல கதைகள் கிடைத்தன. அவருடைய வயதை ஒத்தவர்கள் பந்தலின் ஓரத்தில் வெற்றிலையோடு இருப்பார்கள், பக்கத்தில் போய் இருந்தால் போதும். உடன்பிறந்தவர் இருந்தால் அவரை விடாதீர்கள், இளமைக்காலம் அவருக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் அம்மப்பாவின் தங்கச்சி, நாங்கள் ஆச்சி என்று கூப்பிடுகிறவர், 1958 கலவரத்தோடு அம்மப்பா கொழும்புக் கடையை விட்டுக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கிய நாளை, உடுத்திருந்த சாரத்தின் கரை நிறம் உட்பட, சொன்னார். வெளிநாட்டில் இருப்பவர்களிடம் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகக் கேளுங்கள், எழுதச் சொன்னால் அவர்களும் "நல்ல மனுசன்" என்றுதான் எழுதுவார்கள்.

அம்மம்மாவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தேன், அவராகச் சொன்ன ஒன்றை மட்டும் பிறகு எழுதிக்கொண்டேன்.

எழுதும்போது வாய்ப்பேச்சை அப்படியே எழுதுங்கள். "ஒரு சுத்து ஓடிப்போட்டு வந்து காசைத் தா" என்று சொன்னதை "வாடிக்கையாளரின் திருப்தியே முக்கியம் என்பார்" என்று குறித்து வைத்தால் இரண்டு நாள் கழித்து அந்த மனிதர் கொப்பியிலிருந்து காணாமல் போயிருப்பார். ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் சொன்னவர் பெயர், அவர் கண்டதா கேட்டதா என்று ஒரு சொல்.

ஆண்டுகளோடு வைத்துப் பாருங்கள்

குடும்பக் கதைகளில் ஆண்டு எப்போதும் வழுக்கும். அதைச் சரிபார்ப்பது பொய் பிடிக்கிற வேலை என்று நினைத்து நான் முதலில் தயங்கினேன், ஆனால் என் உரையின் நடுக்கதை கிடைத்ததே அதனால்தான்.

பிறந்த ஆண்டிலிருந்து தொடங்குங்கள். பழைய அடையாள அட்டையின் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் (பெண்களுக்கு அதில் 500 கூட்டியிருக்கும், மாசிக்கு எப்போதும் 29 நாள் என்று கணக்கு). 38074 என்று தொடங்கினால் 1938 மார்ச் 14. அம்மப்பாவின் அட்டை 38இல்தான் தொடங்கியது, ஆனால் ஆச்சி "அண்ணை ரெண்டு வயசு குறைச்சுத்தான் பள்ளிக்கூடத்தில சேர்த்தது" என்கிறார். சாதகக் கொப்பி 1995இல் போய்விட்டது. இப்படியான இடத்தில் ஒன்றைத் தெரிவு செய்து மற்றதை மறைக்கத் தேவையில்லை, இரண்டையும் சொல்லலாம், சபையில் சிரிப்பும் வரும்.

அடுத்து, ஊருக்கே தெரிந்த சில ஆண்டுகளை ஆணி அடித்ததுபோல வைத்துக்கொண்டு கதைகளை அவற்றில் கொழுவிப் பாருங்கள். யாழ்தேவி ஓடத் தொடங்கியது 1956. 1964 மார்கழியில் சூறாவளி. வெளியிலிருந்து மிளகாய் வெங்காயம் வராமல் இங்கே கமக்காரர் கையில் காசு புழங்கியது 1970இலிருந்து 77வரை, அம்மப்பா கடைக்குச் சீமெந்து போட்டதும் அந்த நேரம்தான், ஏனென்றால் தோட்டக்காரர் எல்லாம் சைக்கிள் வாங்கினார்கள். 1981இல் நூலகம் எரிந்தது. 1990இல் ரயில் நின்றது. 1995 ஐப்பசி 30 இடப்பெயர்வு. 2002இல் பாதை திறந்தது, 2006 ஆவணியில் திரும்பவும் மூடியது. 2014இல் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது.

இப்போது என் கதை. நான் பிறந்தது 1993, கொழும்பில். அம்மா எப்போதும் சொல்வது, "நீ பிறந்த உடனே அம்மப்பா யாழ்தேவியில வந்து இறங்கினவர், சரக்குத்தூள் கட்டிக்கொண்டு வந்தவர்." நூறு தரம் கேட்ட கதை, நான் பெரிதாக எடுத்ததில்லை, தாத்தாமார் ரயிலில் வருவதுதானே. கொப்பியில் எழுதி ஆண்டுகளோடு வைத்தபோதுதான் இடித்தது: 1993இல் யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலே இல்லை. அம்மாவிடம் கேட்டேன். "கோட்டை ஸ்டேஷனிலதான் கண்டனான், எங்களுக்கு வடக்கால வாற ரயில் எல்லாம் யாழ்தேவிதானே" என்றார். சித்தியிடம் கேட்டேன். சித்தி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கிளாலியால போனவர். அம்மா அழுது குளறினவ, போக வேண்டாம் எண்டு" என்றார்.

கிளாலி என்றால் என்னவென்று இங்கே இருந்தவர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனையிறவுப் பாதை மூடியிருந்தது, வெளியே போக ஒரே வழி இரவில் படகேறிக் கடலேரியைத் தாண்டுவது, அந்தப் படகுகளில் கடற்படையின் சூடுபட்டுச் செத்தவர்கள் நிறையப் பேர். அம்மப்பாவுக்கு அப்போது 55 வயது. பாஸ் எடுத்து, இரவில் படகேறி, அந்தப் பக்கம் இறங்கி வன்னிக்குள்ளால் வவுனியா போய், சோதனை எல்லாம் கடந்து ரயிலேற ஆறு நாள் பிடித்ததாம். ஒன்பது நாள் எங்களோடு நின்றார். திரும்பிப் போனதும் அதே வழியால்தான். என் அம்மாவுக்கு இதில் ஒன்றும் தெரியாது, பிள்ளைத்தாய்ச்சியாக இருந்து எழும்பியவளுக்கு ஏன் சொல்வதென்று அவர் சொல்லவேயில்லை, பிறகும் சொல்லவில்லை. முப்பது வருடம் கழித்து செத்த வீட்டு விறாந்தையில்தான் அம்மா அதைக் கேட்டார்.

ஒரே கதைக்கு மூன்று வடிவம் வந்தால்

1995இல் எல்லோரும் தென்மராட்சிக்குப் போன பிறகு, அம்மப்பா இரண்டாம் நாள் தனியே திரும்பிப் போய்வந்தார். இதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. ஏன் போனார் என்பதில்தான் தகராறு. சித்தி சொல்கிறார், கட்டி வைத்த நாயை அவிழ்த்துவிட. மாமா சொல்கிறார், கடன் கொப்பியை எடுக்க. பக்கத்து வீட்டு அங்கிள் சொல்கிறார், திருத்தக் கொடுத்திருந்த யாரோ ஒருவரின் சைக்கிளை எடுத்துக்கொண்டுபோய்ச் சாவகச்சேரியில் ஆளைத் தேடிக் கொடுக்க.

என் புத்தி முதலில் போனது அங்கிளின் கதைக்கு, அதுதான் மேடைக்கு அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதாலேயே கவனம் தேவை. நான் இரண்டு விஷயம் பார்த்தேன்: சொன்னவர் அன்று கூட இருந்தாரா, அந்தக் கதையில் சொல்பவருக்கு ஏதும் பங்கு இருக்கிறதா. சித்தி கூட இருந்தவர், அந்த நாய் சித்தியின் நாய். மாமாவும் கூட இருந்தவர், பிறகு கடையைப் பார்த்தவர், அவர் கண்ணில் கொப்பிதான் பட்டிருக்கும். அங்கிள் வேறொருவர் சொல்லக் கேட்டவர். கடன் கொப்பியோ எங்கள் முன்னாலேயே பெட்டிக்குள் இருந்தது, 1994ஆம் ஆண்டுக் கணக்கோடு. அப்போ கொப்பி வந்தது உண்மை. நாயும் சைக்கிளும் இல்லையென்றும் சொல்ல முடியாது, ஒருவர் மூன்று வேலைக்கும் சேர்த்துப் போயிருக்கலாம். ஆகவே மூன்றையும், சொன்னவர் பெயரோடு, மூன்று வரியில் வைத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு இந்தப் பகுதிதான் எழுத லேசாக இருந்தது, அவர்கள் மூவரும் பந்தலில் இருக்கப்போகிறார்கள் என்பதால்.

"ஆம்" என்ற விகுதியில் கவனம்

கேட்ட கதையைச் சொல்ல எங்கள் பாஷையில் ஒரு வசதி இருக்கிறது. கண்டவர் "போனவர்" என்பார், கேட்டவர் "போனவராம்" என்பார். ஓர் "ஆம்" போதும், இது என் கண்ணால் கண்டதில்லை என்று ஆகிவிடும். ஆனால் என் முதல் வரைவில் "வந்தாராம், சொன்னாராம், திருத்தினாராம்" என்று வரிக்கு வரி ஆம் போட்டு வாசித்தபோது ஊர்வம்பு கதைப்பதுபோல இருந்தது, சில இடத்தில் நான் நம்பவில்லை என்பதுபோலவும் கேட்டது. சித்தி முகத்தைச் சுளித்தார்.

எல்லா "ஆம்"களையும் எடுத்துவிட்டால் அது வேறு பிழை, நான் பக்கத்தில் நின்று பார்த்ததுபோல ஆகிவிடும். நான் கண்ட வழி இது: கதை தொடங்கும்போது கொடுத்தவரின் பெயரைச் சொல்லிவிடுவது, "இது சித்தியின் ஞாபகம்" என்று. அதன் பிறகு ஆம் இல்லாமல் நேராகச் சொல்லிக்கொண்டு போவது. அடுத்த கதைக்கு மாறும்போது அடுத்தவரின் பெயர். பெயர் சொல்லப்பட்டவர் பந்தலில் நிமிர்ந்து பார்ப்பார், அவர் தலையாட்டுவது கதைக்குச் சாட்சி.

எதை விடுவது

இரவல் ஞாபகம் என்பதால் கொடுத்தவரிடம் ஒரு தரம் கேட்க வேண்டும், "இதை மைக்கில சொல்லலாமோ?" என்று. மூன்று கதைக்கு எனக்கு "வேண்டாம்" வந்தது. ஒன்று வேலி எல்லைத் தகராறு, அந்த மற்ற வீட்டுக்காரர்தான் அன்று தண்ணீர்ப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார். மற்ற இரண்டையும் இங்கேயும் எழுதவில்லை. காணி, சீதனம், யார் எந்த இயக்கத்துக்கு உதவினார், யாருடைய கல்யாணத்துக்கு வரவில்லை, இவற்றைக் கேட்காமல் மேடையேற்ற வேண்டாம், சொன்னவர் வீட்டுக்குள் சொல்வதாக நினைத்துத்தான் சொல்லியிருப்பார்.

அதற்காகக் குறையே இல்லாத ஆளாக ஆக்கவும் வேண்டாம். அம்மப்பாவின் கோபம் ஊரறிந்தது. அதை விட்டால் பந்தலில் இருக்கிறவர்கள் வேறு யாரையோ பற்றிப் பேசுவதாக நினைப்பார்கள். எல்லோருக்கும் தெரிந்த, யாரையும் காயப்படுத்தாத குறை ஒன்றை எடுத்தேன்.

எதை நடுவில் வைப்பது என்பதற்கு ஒரு சின்ன வழி: ஒருவரையொருவர் தெரியாதவர்கள் தனித்தனியே ஒரே வசனத்தைச் சொன்னால் அதை எடுங்கள். "ஒரு சுத்து ஓடிப்போட்டு வந்து காசைத் தா" என்பதைப் பால்காரர், பள்ளிக்கூட ரீச்சர் ஒருவர், அம்மம்மா மூவரும் சொன்னார்கள். அதுதான் என் தொடக்கம்.

எழுதி முடித்தது இது

"எல்லோருக்கும் வணக்கம். நான் மூத்த மகளின் மகள். அம்மப்பாவோடு நான் இருந்தது மொத்தம் பதினொரு நாள். அதனால் இன்றைக்கு நான் சொல்லப்போவது அநேகமாக உங்களிடம் வாங்கியது.

சைக்கிள் திருத்தி முடிந்தால் அம்மப்பா உடனே காசு வாங்கமாட்டார். 'ஒரு சுத்து ஓடிப்போட்டு வந்து காசைத் தா' என்பார். இதை என்னிடம் மூன்று பேர் சொன்னார்கள். கோயிலைச் சுற்றி வருவதற்குள் செயின் கழன்றால் காசும் இல்லை, அவருக்கு அன்று முழுக்கக் கோபமும் போகாது. அந்தக் கோபத்தை வாங்கிக் கட்டிய உதவிக்காரப் பெடியன்மார் இங்கே நரைத்த தலையோடு இருக்கிறார்கள்.

அவருக்கு 86 என்று அட்டை சொல்கிறது. இரண்டு கூட்டச் சொல்கிறார் ஆச்சி.

95இல் தென்மராட்சிக்குப் போன இரண்டாம் நாள் அவர் திரும்பி வந்தார். என்னுடைய நாய்க்காக என்கிறார் சித்தி. கடன் கொப்பிக்காக என்கிறார் மாமா. யாரோ கொடுத்த சைக்கிளுக்காக என்கிறார் அங்கிள். கொப்பி நேற்றுப் பெட்டிக்குள் கிடைத்தது. நாயையும் சைக்கிளையும் கண்டவர்கள் இருந்தால் இன்றைக்கு எங்களுக்குச் சொல்லுங்கள்.

நான் கண்ட அம்மப்பாவின் கை கிறீஸ் மணக்கும். தேத்தண்ணியைப் பனங்கட்டியோடு குடிப்பார். கிணற்றடிக்கு என் பின்னாலேயே வருவார். கடைசியாகக் கண்டபோது என்னை அம்மாவின் பெயரால் கூப்பிட்டார். நானும் திருத்தவில்லை.

கடைசியாக ஒன்று. இது சித்தியின் ஞாபகம், நேற்று இரவுதான் என் அம்மாவுக்கே கிடைத்தது. நான் பிறந்தபோது அம்மப்பா கிளாலியால் வந்தார். இரவில் படகேறி, ஆறு நாள் பயணம் செய்து, மடியில் சரக்குத்தூளோடு கோட்டையில் இறங்கினார். ஒன்பது நாள் நின்றார். அந்த வழியாலேயே திரும்பினார். எப்படி வந்தேன் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை.

என் கணக்கில் நாங்கள் பதினொரு நாள் பழகினோம். அவர் கணக்கில் இருபது."

வாசிக்கும்போது

தாளில் பெரிய எழுத்தில், ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுங்கள், கைத்தொலைபேசியில் பார்த்து வாசித்தால் வெயிலில் திரை தெரியாது, நடுவில் யாராவது அழைப்பார்கள், எனக்கு முன் பேசியவருக்கு அதுதான் நடந்தது. பறை அடிக்கிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பெயர்களையும் உறவுமுறைகளையும் ஒரு மூத்தவரிடம் வாசித்துக் காட்டுங்கள், நான் முதலில் ஒரு பெரியப்பாவை மாமா என்று எழுதி வைத்திருந்தேன். நன்றி சொல்வது வேறொருவரின் வேலை, அதை இதற்குள் கொண்டுவர வேண்டாம். எந்த வரியில் குரல் உடையும் என்று வீட்டில் வாசிக்கும்போதே தெரிந்துவிடும், அந்த வரிக்கு முன் தாளில் ஒரு கோடு போட்டு, அங்கே நிறுத்தி மூச்சு எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது கிளாலி வரி. கோடு போட்டும் உடைந்தது, அது பரவாயில்லை.

தாளை எறிய வேண்டாம், பின்பக்கம் வெறுமையாக இருக்கட்டும். பிரேதம் எடுத்த பிறகு ஆண்கள் சுடலைக்குப் போய், வீடு கழுவி, நாங்கள் படலையடியில் நிற்கும்போது ஒரு வயோதிபர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். சுடலைக்கு நடக்க முடியாதென்று பந்தலிலேயே இருந்திருக்கிறார். "பிள்ளை, அது ஹம்பர் சைக்கிள்" என்றார். எனக்கு விளங்கவில்லை. "95இல அவர் கொண்டுவந்து தந்தது. என்ரை தம்பியின்ரை. நான் கைதடியில நிண்டனான், என்னைத் தேடிப் பிடிச்சவர். காசு குடுக்கப் போக, ஒரு சுத்து ஓடிப்போட்டு வா எண்டவர். அந்தச் சனத்துக்குள்ள எங்க ஓடுறது?" என்று சிரித்தார். அவர் பெயரையும் ஊரையும் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். முப்பத்தோராம் நாள் கல்வெட்டில் அந்தக் கதை அங்கிளின் பெயரிலிருந்து அவர் பெயருக்கு மாறிவிட்டது. நாயைப் பற்றி இன்னும் ஒருவரும் வரவில்லை.